மேனேஜருக்கு எவ்வளவு வியாதி சொல்லலாம்?

லீவு கேட்பவர்களில் இரண்டு ஜாதி உண்டு. "உடம்பு சரியில்லை சார்" என்று மூன்று சொல்லோடு முடித்துக்கொண்டு போனை அணைத்துவிடுகிறவர்கள் ஒரு ஜாதி. தெர்மாமீட்டரைப் படம் எடுத்து, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை பி.டி.எஃப். ஆக்கி, கையில் குத்திய ட்ரிப்ஸ் ஊசியோடு செல்ஃபியும் சேர்த்து ஆபீஸ் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுகிறவர்கள் இன்னொரு ஜாதி. முதல் ஜாதியை யாரும் நம்புவதில்லை. இரண்டாம் ஜாதியை எல்லாரும் நம்புகிறார்கள், அதுதான் அவர்களுடைய கஷ்டம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கப் பிரியப்படுகிற உழைக்கும் வர்க்கத்துக்காக இந்த வழிகாட்டி.

முதலில் விலைப்பட்டியலை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "உடம்பு சரியில்லை" என்றால் ஒரு நாள் கிடைக்கும். "காய்ச்சல்" என்றால் இரண்டு நாள், இருமல் குரலோடு பேசினால் மூன்று. "வயிறு சரியில்லை" என்பதற்கும் இரண்டு நாள்தான், ஆனால் அதன் மேன்மை வேறு. உலகத்தில் எந்த மேனேஜரும் அதற்கு அடுத்த கேள்வி கேட்டதில்லை. எத்தனை தடவை, என்ன நிறம் என்று கேட்கும் துணிச்சல் டாக்டருக்கு மட்டும்தான் உண்டு. இதில் ஒரே ஆபத்து, முந்தின நாள் மதியம் மேனேஜரும் நீங்களும் ஒரே கடையில் ஒரே பிரியாணியைச் சாப்பிட்டிருப்பது.

"டெங்கு" என்று சொல்லிவிட்டால் ஒரு வாரம் உறுதி. ஆனால் அந்த ஒரு வாரமும் உங்களுடையது அல்ல. காலையும் மாலையும் "ப்ளேட்லெட் எவ்வளவு?" என்று ஆபீஸ் முழுக்க ஸ்கோர் கேட்கும். ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இறங்கியதும் ஒருவர் பப்பாளி இலைச் சாறு அனுப்புவார், இன்னொருவர் நிலவேம்புக் கசாயம் காய்ச்சும் வீடியோ அனுப்புவார். ஆடிட் பிரிவிலிருந்து ஒருவர் நீங்கள் நேற்று சொன்ன எண்ணும் இன்று சொன்ன எண்ணும் ஏன் பொருந்தவில்லை என்று விசாரிப்பார்.

பட்டியலில் உச்சத்தில் இருப்பது அம்மை. "அம்மை போட்டிருக்கு சார்" என்றால் சான்றிதழ் கேட்க மாட்டார்கள், எப்போது வருவீர்கள் என்று கேட்க மாட்டார்கள், வராதீர்கள் என்று கும்பிடுவார்கள். பெயரை அப்படியே சொல்லித்தான் ஆகவேண்டிய நோய்களில் இதுவும் ஒன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்னம்மை கொப்புளம் கிளம்புவதற்கு ஓரிரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும், எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை தொற்றும். உங்கள் பக்கத்து நாற்காலியில் ஒரு கர்ப்பிணிப் பெண் உட்கார்ந்திருந்தால் அவர் இன்றைக்கே தன் டாக்டரிடம் பேச வேண்டும். "லேசா ஜுரம்" என்று நீங்கள் பூசி மெழுகினால் அந்த ஒரு நாள் போய்விடும். மெட்ராஸ் ஐ, காசநோய் எல்லாம் இந்த வகைதான். ஒட்டுகிற நோய்க்குக் கூச்சம் கிடையாது.

ஒட்டாத, ஆனால் சொல்லக் கூசுகிற நோய்களில்தான் இந்தக் கலையின் நுட்பமே இருக்கிறது. உதாரணத்துக்குப் பவுத்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஆசனவாய்க்குப் பக்கத்தில் சீழ்க்கட்டி வந்து உடைந்து, உள்ளே குடலுக்கும் வெளியே தோலுக்கும் நடுவில் ஒரு குகைப்பாதை போட்டுக்கொண்டுவிடும். அதுதான் பவுத்திரம். தானாக மூடாது. அறுவை செய்யலாம், நூல் கட்டலாம். சித்தத்தில் காரநூல் என்பார்கள், ஆயுர்வேதத்தில் க்ஷாரசூத்திரம். மருந்து தடவிய நூலை அந்தப் பாதைக்குள் நுழைத்து முடிச்சுப் போட்டு, வாரம் ஒரு முறை புது நூல் மாற்றுவார்கள். சராசரியாக வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அறுத்துக்கொண்டே ஆற்றிக்கொண்டு வரும். ஆறு சென்டிமீட்டர் பாதை என்றால் ஆறு வாரம், ஒன்று முன்னே பின்னே. நோயாளி நடமாடலாம், வேலைக்குப் போகலாம். உட்காருவதுதான் பிரச்சினை.

இப்போது ஒரு கணக்காளரைக் கற்பனை செய்துகொள்வோம். கிண்டியில் ஒரு போக்குவரத்து நிறுவனம், சனிக்கிழமையும் வேலை உண்டு. வயது நாற்பத்தொன்று. நெற்றியில் விபூதி, மேசையில் மூன்று நிறப் பேனா. மூன்றாம் தேதி புதன்கிழமை நூல் கட்ட நாள் குறித்தாயிற்று. ஆறு சென்டிமீட்டர். மேனேஜருக்கு அவர் என்ன எழுதுவது?

முதல் வரைவு, மனச்சாட்சி உள்ளவர்கள் எழுதுவது. "சார், எனக்கு ஆறு மாதமாக ஆசனவாயில் சீழ் வடிந்துகொண்டிருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் பவுத்திரம் என்று தெரிந்தது. ரிப்போர்ட் இணைத்துள்ளேன்." நேர்மை என்றால் இது நேர்மை. இதன் பலன் பத்து நிமிடத்தில் தெரியும். மேனேஜரின் மச்சானுக்கும் இதே தொந்தரவு இருந்ததும், அவர் பாலக்காட்டுப் பக்கம் ஒரு வைத்தியரிடம் போய் மூன்றே வேளை மருந்தில் குணமானதும், அந்த வைத்தியரின் எண்ணும் வந்து சேரும். மறுநாள் மேனேஜர் நல்லெண்ணத்தோடு அட்மின் பிரிவுக்குச் சொல்லி நடுவில் ஓட்டை வைத்த ஒரு ரப்பர் குஷனுக்கு ஆர்டர் கொடுப்பார். அட்மின் பிரிவு மூன்று கடையில் கொட்டேஷன் கேட்கும். கொட்டேஷனில் பொருளின் உபயோகம் என்ற பத்தி ஒன்று இருக்கும். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை மேனேஜர் திறந்து பார்த்திருப்பார் என்பதைவிட, திறந்து பார்த்துவிட்டு மூடத் தெரியாமல் திரையிலேயே விட்டுவிட்டு டீக்குப் போயிருப்பார் என்பதுதான் எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

இரண்டாம் வரைவு, புத்தர் காட்டிய மௌன வழி. "சார், ஒரு சின்ன ப்ரொசீஜர். லீவு வேணும்." இதைப் படிக்கிற மேனேஜர் பல் பிடுங்கல் என்று எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை இவரை எதிர்பார்ப்பார். திங்கட்கிழமையும் ஆள் வரவில்லை என்றதும் கவலைப்படத் தொடங்குவார். இவருடைய உடம்பைப் பற்றி அல்ல. 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1 போட வேண்டும், 20ஆம் தேதி 3பி. போர்ட்டலின் ஓ.டி.பி. வருவது கணக்காளர் போனுக்கு, போனோ அணைத்துக் கிடக்கிறது. அப்புறம் ஆள் வந்து சேர்ந்தபின் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை காலையும் காணாமல் போகிறார். மதியம் ஒரு மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையில், முகத்தில் ஒரு வேதனையோடு திரும்பி வருகிறார். வந்தபின் உட்காராமல் நின்றபடியே வேலை பார்க்கிறார். மூன்றாவது செவ்வாய்க்குள் ஆபீஸ் தீர்ப்பு எழுதிவிடும்: ஆள் வேற கம்பெனிக்கு இன்டர்வியூ போறாரு, இங்க உட்கார மனசில்ல.

மறைத்ததன் விலை இதுதான். பவுத்திரத்தைவிட மோசமான ஒன்றை ஆபீஸ் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

மூன்றாம் வரைவைப் பாருங்கள்.

"சார், வணக்கம். 3ஆம் தேதி புதன்கிழமை எனக்குச் சின்ன அறுவை சிகிச்சை. பயப்பட ஒன்றுமில்லை, யாருக்கும் ஒட்டாது. 3 முதல் 9 வரை சிக் லீவு வேண்டும். 10ஆம் தேதி புதன் காலை வந்துவிடுவேன். அதற்குப் பிறகு ஐந்து செவ்வாய்க்கிழமை, 16, 23, 30, அடுத்த மாதம் 7, 14, காலையில் ஆஸ்பத்திரி போய்க் கட்டு மாற்ற வேண்டும். 1 மணிக்கு ஆபீசில் இருப்பேன். ஜி.எஸ்.டி.ஆர்-1க்கு உள்ள பில்களை 2ஆம் தேதியே ஏற்றி வைத்துவிடுகிறேன், 10ஆம் தேதி வந்து சரிபார்த்து 11ஆம் தேதி போட்டுவிடலாம். ஓ.டி.பி.க்கு என் போன் எப்போதும் ஆனில் இருக்கும். சான்றிதழ் வரும்போது தருகிறேன்."

இதில் உடம்பின் எந்தப் பாகமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தேதிகள் இருக்கின்றன, ஓ.டி.பி. இருக்கிறது. மேனேஜரின் வயிற்றைக் கலக்கும் நான்கு விஷயங்கள்: எப்போது வருவார், இடையில் எப்போதெல்லாம் போவார், வேலை என்ன ஆகும், எனக்கும் ஒட்டுமா. நாலுக்கும் பதில் கிடைத்த மேனேஜர் ஐந்தாவது கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. கணக்கும் சரியாக வருகிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, இவரைப் போன்ற ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பு கொடுக்கிறது, தற்செயல் விடுப்பு 12 நாள் தனி. 3 முதல் 9 வரை ஞாயிறு போக ஆறு நாள். ஐந்து அரை நாள் சேர்த்தால் எட்டரை. இன்னும் மூன்றரை நாள் கையிருப்பு, வருடக் கடைசியில் ஒரு ஜலதோஷத்துக்கு ஆகும்.

ஆனால் உட்காருகிற விஷயத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். உண்மையாகவே இதற்கு நல்ல வழி இல்லை. "ஒரு மாசத்துக்கு ரொம்ப நேரம் உட்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்று சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்ன மாத்திரத்தில் மூளை உள்ள தமிழர்கள் அனைவரும் மூலம் என்று ஊகித்துவிடுவார்கள். ஊகிக்கட்டும். ஊகம் வேறு, எம்.ஆர்.ஐ. வேறு. அதிலிருந்து தப்பிக்க "முதுகு வலி" என்று சொல்லிப் பார்க்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். முதுகு வலிக்காரரை மேனேஜர் தன் சொந்தப் பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்புவார், நல்ல இறுக்கமான நாற்காலி வாங்கித் தந்து நேராக உட்காரச் சொல்வார். கடைசியில் நீங்கள் கொடுக்கிற சான்றிதழின் தலைப்பில் "பெருங்குடல், ஆசனவாய் அறுவை சிகிச்சை நிபுணர்" என்று அச்சடித்திருக்கும். சொல்லாமல் விடுவது உங்கள் உரிமை. வேறொன்றைச் சொல்லி, அதற்குச் சான்றிதழும் தயாரித்தால் அது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது. ஒருவரி வித்தியாசம்தான், ஆனால் வேலை போகிற வித்தியாசம்.

அந்தத் தலைப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நாம் வாயைக் கட்டிக்கொண்டு காப்பாற்றுகிற ரகசியத்தை லெட்டர்பேட் ஒரு நொடியில் போட்டு உடைத்துவிடும். மனநல மருத்துவர், கருத்தரிப்பு மையம், புற்றுநோய்ப் பிரிவு என்று மேலே அச்சாகியிருந்தால் கீழே டாக்டர் எதை எழுதினாலும் ஒன்றுதான். இதற்கு டிஸ்சார்ஜ் ஆகிற அன்று காலையிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். டாக்டர் பேனாவை எடுப்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்: "டாக்டர், ஆபீசுக்குக் கொடுக்க. நோயின் பேர் வேண்டாம், தேதி மட்டும் போதும். ஆஸ்பத்திரி பொது லெட்டர்பேட்ல கிடைக்குமா?" எழுதியபின் சொன்னால் அடித்துத் திருத்துவார், அடித்துத் திருத்திய சான்றிதழ் பார்ப்பவர் கண்ணை உறுத்தும். "என் சிகிச்சையில் இருந்தார், அறுவை சிகிச்சை செய்யப்பட்டது, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை ஓய்வு அவசியம், நான்கு வாரத்துக்கு நீண்ட நேரம் உட்காருவதைத் தவிர்க்க வேண்டும்" என்று எழுதி, கையெழுத்து, முத்திரை, பதிவு எண் மூன்றும் இருந்தால் பெரும்பாலான தனியார் அலுவலகங்களுக்கு அது போதும். பதிவு எண் இல்லாத சான்றிதழ் எச்.ஆரிடமிருந்து திரும்பி வரும். மறுபடி போனால் இன்னொரு ஓ.பி. கட்டணம், இன்னொரு அரை நாள்.

அரசு ஊழியர்களுக்கு இந்தச் சலுகை கொஞ்சம் குறைவு. அவர்களுடைய மருத்துவச் சான்றுப் படிவத்திலேயே "இன்ன நோயால் அவதிப்படுகிறார்" என்று ஒரு கோடிட்ட இடம் உண்டு. கோடு இருந்தால் டாக்டர் நிரப்பத்தான் செய்வார். அது மேசை மேசையாக ஏறி, இறங்கி, ஒவ்வொரு மேசையிலும் ஒரு முறை வாசிக்கப்பட்டு, பணிப்பதிவேட்டோடு சேர்ந்துகொள்ளும். நோய் குணமாகிவிடும், கோப்பு இருக்கும்.

சான்றிதழுக்குப் பதிலாக டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொடுப்பவர்கள் உண்டு. கைக்குக் கிடைத்த முதல் காகிதம் அதுதானே என்ற எண்ணம். நம் கணக்காளரின் சம்மரியை ஒரு முறை படித்துப் பாருங்கள். நோயின் பெயரும் எத்தனை மாதமாகச் சீழ் என்பதும் மேலே இருக்கும். அதற்குக் கீழே பழக்கவழக்கங்கள்: மது, வாரம் இரண்டு முறை. விபூதிப் பட்டையோடு பத்து வருடம் ஆபீசுக்கு வந்தவர் மேனேஜர் முன்னால் இந்த ஒரு வரியைத் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். இன்னும் கீழே, அறுவைக்கு முன் வழக்கமாக எடுக்கிற ரத்தப் பரிசோதனைகள்: சர்க்கரை, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி. எச்.ஐ.வி. நிலையைச் சொல்லும்படி, நீதிமன்ற உத்தரவு இருந்தால் ஒழிய, யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2017இல் சட்டம் போட்டாயிற்று. அதே ஆண்டு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டமும் மனநல சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையை நோயாளிக்குக் கொடுத்திருக்கிறது. டாக்டரை அவருடைய தொழில் ஒழுங்கு விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் எந்தச் சட்டமும் நீங்களே ஸ்கேன் செய்து அனுப்புவதைத் தடுக்கவில்லை.

இந்த விபத்து பெரும்பாலும் இன்ஷூரன்ஸால் நடக்கிறது. ஆபீஸ் குரூப் பாலிசியில் க்ளெய்ம் போடும்போது சம்மரி, பில், ரிப்போர்ட் எல்லாம் வேண்டும்தான், ஒரு வரிகூட மறைக்கக் கூடாது, மறைத்தால் பணம் வராது. ஆனால் அதைக் கேட்பது காப்பீட்டுக்காரரும் அவர்களுடைய டி.பி.ஏ.வும். கேஷ்லெஸ் என்றால் ஆஸ்பத்திரியின் இன்ஷூரன்ஸ் கவுன்டரே அனுப்பிவிடும். கைக்காசு கட்டித் திரும்பப் பெறுகிறவர்கள்தான் ஒரே மெயிலில் "லீவு விண்ணப்பம் மற்றும் க்ளெய்ம்" என்று தலைப்புப் போட்டு, எச்.ஆருக்கு அனுப்பி, மரியாதைக்காக மேனேஜருக்கு ஒரு காப்பியும் வைத்துவிடுகிறார்கள். லீவு ஒரு மெயில், க்ளெய்ம் இன்னொரு மெயில். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே கூடாத சம்பந்திகள்.

எல்லா இடத்திலும் வாயை மூடிக்கொண்டே இருந்தால் நஷ்டப்படுகிற இடங்களும் உண்டு. கருச்சிதைவுக்குச் சட்டம் சம்பளத்தோடு ஆறு வாரம் தருகிறது, கருத்தடை அறுவைக்கு இரண்டு வாரம், கர்ப்பத்தால் வருகிற நோய்க்குக் கூடுதலாக ஒரு மாதம் வரை. "உடம்பு சரியில்லை" என்று எழுதிய பெண்ணுக்கு நான்கு நாள் கேஷுவல் லீவு கழியும், அவ்வளவுதான். ஆறு வாரம் வேண்டுமென்றால் ஆதாரத்தோடு எச்.ஆரிடம் சொல்ல வேண்டும். எச்.ஆரிடம் என்று சொன்னேன், டீம் லீடரிடம் அல்ல. அவருக்குத் தேதி போதும். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கும் இப்படித்தான். அங்கே நோய்க்காலப் பலன் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. காசநோய் மாதிரியான நீண்ட நோய்களுக்கு 80 சதவீதமாக இன்னும் நீளும். அங்கே டாக்டரிடம் எல்லாம் சொல்லியாக வேண்டும், அவர் தருகிற சான்றிதழ்தான் பணம். அந்தப் பலன் வாங்கும் காலத்தில் முதலாளி வேலையை விட்டு நீக்கவும் முடியாது.

கெட்ட மேனேஜரைச் சமாளிக்க இவ்வளவு போதும். நல்ல மேனேஜர்தான் கஷ்டம். அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, பாசத்தில் கேட்கிறார். நம் ஊரில் ஒருவர் ஆபரேஷன் முடிந்து வந்தால் "என்னாச்சு, எங்க?" என்று கேட்காமல் போவது அவமரியாதை. பதில் சொல்லாமல் இருப்பது அதைவிட அவமரியாதை. "அது என் தனிப்பட்ட விஷயம் சார்" என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த இன்க்ரிமென்டும் அவருடைய தனிப்பட்ட விஷயமாகிவிடும். இதற்குக் கைவசம் ஒரு வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள்: "நல்லபடியா முடிஞ்சுது சார். உங்க புண்ணியத்துல லீவு கிடைச்சுது, நிம்மதியா படுத்தேன். 3பி இந்த மாசம் 18ஆம் தேதியே போட்டுடலாமா?" பாசத்துக்கு நன்றி போய்ச் சேர்ந்துவிடும், கேள்விக்குப் பதில் போகாது, 3பி என்றதும் அவர் கவனமும் திரும்பிவிடும். பெரும்பாலான மேனேஜர்களை இது மடக்கிவிடும். மடங்காதவர்கள் ஆயுர்வேதத்தில் ஆர்வம் உள்ளவர்கள்.

இத்தனையும் செய்து முடித்து, மூன்றாம் வரைவை அனுப்பி, பொது லெட்டர்பேடில் சான்றிதழ் வாங்கி, மெயிலைப் பிரித்து, வாட்ஸப் குழுவில் "9 வரை லீவு" என்று மட்டும் போட்டுவிட்டு நம் கணக்காளர் குப்புறப் படுத்திருக்கிறார். வெந்நீர்த் தொட்டியில் உட்காரும் நேரம் வந்தது, எழுந்து போனார். ஓ.டி.பி.க்காக ஆனில் வைத்த போன் கட்டில்மேல் கிடந்தது. மேனேஜர் நல்லவர், நலம் விசாரிக்கக் கூப்பிட்டார். அம்மா எடுத்தார்.

"வணக்கம் தம்பி, நீங்கதான் மேனேஜர் சாரா? ரொம்ப சந்தோஷம். என்னத்தச் சொல்றது போங்க. அவன் அப்பாவுக்கும் இதே இடத்துலதான் வந்துச்சு..."